இரண்டு மாதம் தாமதம் செய்தவருக்கு எத்தனை மார்க்?

கேள்வி: சென்னையில் ஒரு நடுத்தர சாஃப்ட்வேர் கம்பெனியில் போன வருடம்தான் டெலிவரி மேனேஜர் ஆனேன். என் கீழே இரண்டு பிராஜெக்ட் மேனேஜர்கள். முதலாமவர் பிராஜெக்டை இரண்டு மாதம் தாமதமாக முடித்தார், ஆனால் ஆரம்பத்திலிருந்தே "இது லேட்டாகும்" என்று புலம்பிக்கொண்டே இருந்தவர். இரண்டாமவர் சொன்ன தேதிக்கு முடித்துவிட்டார், கிளையண்ட் பாராட்டி மெயில்கூடப் போட்டார். ஆனால் அவர் டீமில் மூன்று பேர் அடுத்த இரண்டு மாதத்துக்குள் பேப்பர் போட்டுவிட்டார்கள். அப்ரைசல் ஃபார்மில் டெட்லைன், ஸ்டேக்ஹோல்டர்களைக் கையாளுதல், ரிஸ்க்கை முன்கூட்டிச் சொல்லுதல் என்று மூன்று வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மார்க். இரண்டாமவருக்கு அதிகம் போடத்தான் கை போகிறது, மனசு ஒப்பவில்லை. பத்து நாளில் முடிக்க வேண்டும். எதைப் பார்த்து மார்க் போடுவது சார்?

பதில்:

ஃபார்மை இப்போதைக்கு மூடி வையுங்கள். அதற்குப் பதிலாக இரண்டு பிராஜெக்டுக்கும் வாராவாரம் வந்த ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டுகளை எடுத்து ஒரு எக்செல் ஷீட்டில் இரண்டே இரண்டு நெடுவரிசை போடுங்கள். முதல் நெடுவரிசையில் ரிப்போர்ட் அனுப்பிய தேதி. இரண்டாவதில், அந்த ரிப்போர்ட்டில் "எப்போது முடியும்" என்று அவர் சொல்லியிருந்த தேதி. அவ்வளவுதான். ஒரு பிராஜெக்டுக்கு முப்பது, முப்பத்தைந்து வரி வரும், ஒரு மணி நேர வேலை. முடித்த தேதியை மட்டும் பார்த்தால் உங்களுக்குத் தெரிவது ஒரே ஒரு புள்ளி. அந்த மனிதர் எட்டு மாதம் என்ன செய்தார் என்பது அந்தப் புள்ளிக்கு முன்னால் இருக்கிற கோட்டில்தான் இருக்கிறது.

கோடு பெரும்பாலும் மூன்று விதமாகத்தான் வரும். ஒன்று, பாதி வழிக்குள்ளேயே தேதி ஒரு தடவையோ இரண்டு தடவையோ நகர்ந்து, அப்புறம் அசையாமல் நின்று, சொன்ன அந்தப் புதுத் தேதியிலேயே வேலை முடிந்திருக்கும். இவருக்குத் தன் பிராஜெக்ட் தெரியும். இரண்டாவது, கடைசி மூன்று வாரம் வரைக்கும் ஒரே தேதி, எல்லாம் பச்சை, திடீரென்று ஒரே வாரத்தில் சிவப்பாகி இரண்டு மாதம் தள்ளிப்போகும். நாங்கள் இதைத் தர்பூசணி என்போம், வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. இவருக்கு ஒன்று தெரியவில்லை, இல்லை தெரிந்தும் சொல்லவில்லை. மூன்றாவது, வாரம் ஒன்று போனால் தேதியும் ஒரு வாரம் போகும், மாதக்கணக்கில். இது பொய் இல்லை, வெறும் நம்பிக்கை. அவர் மறுபடி எஸ்டிமேட் போடவே இல்லை, போன வாரம் நடக்காதது இந்த வாரம் நடந்துவிடும் என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். உங்கள் முதலாமவர் இதில் எந்தக் கோடு என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது என்றுதான் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

இடையில் ஒரு விஷயம். யாராவது டேஷ்போர்டில் ஷெட்யூல் பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ், அதாவது எஸ்பிஐ, 1.0 என்று காட்டி, பிராஜெக்ட் நேரத்துக்கு முடிந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள். செய்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பால் செய்த வேலையின் மதிப்பை வகுத்தால் வருவது அது. எவ்வளவு லேட்டானாலும் கடைசியில் மொத்த வேலையும் முடிந்துதானே ஆக வேண்டும், அப்போது மேலும் கீழும் ஒரே எண், விடை ஒன்றுதான். இரண்டு வருடம் தாமதமான பிராஜெக்டும் முடியும் நாளில் 1.0 காட்டும். நடுவழியில் பார்க்க உதவும், அப்ரைசலுக்கு உதவாது.

இப்போது நானே கிட்டத்தட்ட தப்பு செய்த ஒரு அப்ரைசலைச் சொல்கிறேன், உங்கள் மூன்று வரிகளும் அதில் வருகின்றன.

2021-22இல் என் கீழே ஒரு பெண் பிராஜெக்ட் மேனேஜர் இருந்தார். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனிக்குப் புது பில்லிங் மென்பொருள், அதோடு டீலர்கள் ஆர்டர் போட ஒரு போர்ட்டல், இரண்டும் சேர்த்து 2022 மார்ச் 31க்குள் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். பில்லிங் நேரத்துக்கு வந்தது. போர்ட்டல் மே 12ஆம் தேதிதான் ஓடியது. ஆறு வாரம் தாமதம். அப்ரைசல் ஃபார்மில் டெட்லைன் வரிக்கு நான் முதலில் போட்ட மார்க் 2. சேல்ஸ் தரப்பிலிருந்து புகார் வேறு வந்திருந்தது, கிளையண்டின் கணக்குப் பிரிவுத் தலைவர் ஃபீட்பேக்கில் "நச்சரிப்பு தாங்க முடியவில்லை" என்று எழுதியிருந்தார். எல்லாம் பொருந்தி வந்தது. ஃபார்மை அனுப்பப் போகும்போது, உதாரணத்துக்கு ஒரு மெயிலை இணைக்கலாமே என்று பழைய மெயில்களைத் தேடினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

2021 நவம்பர் 12ஆம் தேதி அவரிடமிருந்து எனக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. விஷயம் இதுதான். ஜிஎஸ்டியில் இ-இன்வாய்ஸ் முறை, அதாவது மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்களை அரசாங்கத் தளத்தில் பதிய வேண்டும் என்ற விதி, 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது, 2021 ஜனவரியில் 100 கோடிக்கு இறங்கியது, ஏப்ரலில் 50 கோடிக்கு. நம் கிளையண்டுக்கு 30 கோடிச் சொச்சம். "வரம்பு இறங்கிக்கொண்டே வருகிறது, போன தடவை அறிவிப்பு மார்ச் 8ஆம் தேதி வந்து ஏப்ரல் 1ஆம் தேதி அமலாகிவிட்டது, ஒரு மாதம்கூட அவகாசம் தரவில்லை. அடுத்த ஏப்ரலில் இவர்கள் உள்ளே வந்துவிட்டால் நம் பில்லில் அதற்கு இடமே இல்லை. இப்போதே எட்டு நாள் வேலை ஒதுக்கினால், பழைய பில்களை அரசாங்கத்தின் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்து எவ்வளவு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடலாம்" என்று எழுதியிருக்கிறார்.

அதற்கு நான் போட்ட பதில் ஒரே வரி. "வராத சட்டத்துக்கு இப்போது எதற்கு வேலை, கிளையண்டிடம் இதைக் கிளப்ப வேண்டாம்."

அவர் விடவில்லை. எட்டு நாள் கிடைக்காததால் ஜனவரியில் சும்மா இருந்த ஒரு டெவலப்பரை வைத்து 200 பழைய பில்களை மட்டும் எடுத்து, பொங்கலுக்கு முந்தின நாள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். 61 பில் திரும்பி வந்தது. 34இல் சரக்கு எந்த வகை என்று காட்டும் ஹெச்எஸ்என் எண் தப்பு அல்லது இல்லவே இல்லை, 19இல் பின்கோடும் மாநிலமும் ஒத்துப்போகவில்லை, மிச்சம் எட்டு பில்லில் வாங்குபவரின் ஜிஎஸ்டி பதிவே ரத்தாகியிருந்தது. லீவு முடிந்த திங்கட்கிழமை, ஜனவரி 17, காலையில் மெயில் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 70 பில் போடுகிற இடம், இந்தக் கணக்கில் தினமும் 20 பில் நிற்கும், அரசாங்கத் தளத்தில் பதிந்ததற்கான ஐஆர்என் எண் வாங்காத பில்லைச் சட்டம் பில்லாகவே மதிக்காது, சரக்கு லாரியில் ஏறாது. இதைச் சரிசெய்யக் கணக்குப் பிரிவில் ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம், மூன்று வாரம் உட்கார வேண்டும், பிப்ரவரி 15க்குள் முடியவில்லை என்றால் மார்ச்சில் வேறு எதையாவது தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 24ஆம் தேதி அறிவிப்பு வந்தது. 20 கோடிக்கு மேல் எல்லோரும் ஏப்ரல் 1 முதல். கையில் இருந்தது 36 நாள். நான்கு நாள் கழித்து, 28ஆம் தேதி, அவர் கிளையண்டின் எம்.டி.யிடம் போய் இரண்டு வழி சொன்னார். போர்ட்டலை மே 13க்குத் தள்ளிவிட்டு அந்த ஆட்களை இ-இன்வாய்ஸில் போடுவது, இல்லை இரண்டையும் அரைகுறையாகச் செய்வது. எம்.டி. முதல் வழியை எடுத்தார். ஏப்ரல் 1ஆம் தேதி காலை முதல் பில் க்யூஆர் கோடோடு அச்சாகி வெளியே வந்தது. போர்ட்டல் மே 12, சொன்னதற்கு ஒரு நாள் முன்னால்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் மூன்று வரிக்கும் வருவோம்.

டெட்லைன் வரியில் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தேதி, யார் வைத்த தேதி என்பது. மார்ச் 31 நம் சேல்ஸ் ஆட்கள் ஒப்பந்தத்தில் போட்ட தேதி, யாரும் எஸ்டிமேட் போட்டுப் பார்க்கவில்லை. ஏப்ரல் 1 சட்டம் வைத்த தேதி, அசைக்க முடியாது. இந்த அம்மா அசைக்க முடியாத தேதியைக் காப்பாற்ற அசைக்கக்கூடிய தேதியைக் கொடுத்தார், அதையும் கேட்டுத்தான் கொடுத்தார். அப்படியென்றால் ஐந்துக்கு ஐந்தா? இல்லை. அவருடைய தேதிக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். ஜனவரி 21ஆம் தேதி ரிப்போர்ட்டிலேயே போர்ட்டல் மார்ச் 31இலிருந்து ஏப்ரல் 15க்கு நகர்ந்திருக்கிறது, அதற்கும் இ-இன்வாய்ஸுக்கும் சம்பந்தமில்லை. டீலர்களை வைத்துச் சோதிப்பதற்குத் திட்டத்தில் நேரமே ஒதுக்காமல் விட்டிருக்கிறார். ஆறு வாரத்தில் இரண்டு வாரம் அவர் கணக்கு, நான்கு வாரம் தெரிந்தே எடுத்த முடிவு. தாமதத்தை இப்படிப் பிரித்துப் பார்க்காமல் மார்க் போடவே கூடாது, ஏனென்றால் "லேட்" என்ற ஒரே சொல்லுக்குள் அவர் தப்பு, கிளையண்ட் தப்பு, உங்கள் தப்பு, யாரும் தப்பு செய்யாமல் மாறிப்போன நிலைமை என்று எல்லாம் ஒளிந்துகொண்டிருக்கும். 4 போட்டேன்.

ரிஸ்க் வரிக்கு நான் மூன்று தேதிகளைப் பார்க்கிறேன். பிரச்சினை கண்ணில் படக்கூடிய நிலைக்கு வந்தது எப்போது, அவர் சொன்னது எப்போது, அது கடிக்க ஆரம்பித்தது எப்போது. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி சின்னதாக இருக்க வேண்டும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பெரிதாக. இங்கே சோதனை ஓட்டியதற்கும் மெயிலுக்கும் நடுவே ஒரு பொங்கல் லீவுதான். முதல் மெயிலிலிருந்து ஏப்ரல் 1 வரைக்கும் 140 நாள். சொன்ன நாளில் நமக்கு எத்தனை வழி திறந்திருந்தது என்று எண்ணிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நவம்பரில் எட்டு நாள் செலவில் தீர்த்திருக்கலாம், ஜனவரியில் கணக்குப் பிரிவின் தயவு வேண்டும், பிப்ரவரி கடைசியில் போர்ட்டலைத் தள்ளித்தான் ஆக வேண்டும். மார்ச் 25ஆம் தேதி சொல்லியிருந்தால் அது ரிஸ்க்கே இல்லை, வெறும் செய்தி.

உங்கள் முதலாமவரை "புலம்பிக்கொண்டே இருந்தவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அவருடைய மெயில்களில் நாலைந்தை எடுத்து மேலே சொன்ன ஜனவரி 17 மெயிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன நடக்கும், எதனால், எப்போதைக்குள் தெரியும், இன்னாரிடமிருந்து இன்னது வேண்டும் என்று நான்கும் இருந்தால் அது ரிஸ்க் சொல்வது, நீங்கள் அதைப் புலம்பலாகக் கேட்டிருக்கிறீர்கள். "கிளையண்ட் எதற்குமே பதில் போடுவதில்லை, ஆள் பற்றாது, இப்படியே போனால் கஷ்டம் சார்" என்று மட்டும் இருந்தால் அது புலம்பல்தான். அதை எட்டு மாதம் முன்னாலேயே சொன்னார் என்பதற்காக மார்க் கொடுக்கத் தேவையில்லை, லேட்டாகும் என்று எந்த பிராஜெக்டைப் பார்த்துச் சொன்னாலும் பாதிக்குப் பாதி பலிக்கும்.

கூடவே, அந்த மெயில்களுக்கு நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்றும் பார்த்துவிடுங்கள். நான் பார்த்தபோது முகம் சுருங்கிப்போனது. "கிளப்ப வேண்டாம்" என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு, ரிஸ்க்கை எடுத்துச் சொன்னாரா என்று நானே மார்க் போட உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பதிலும் அந்த மாதிரி இருந்தால், அல்லது பதிலே போடாமல் விட்டிருந்தால், அந்த வரியில் குறைக்க உங்களுக்கு வழியில்லை. ஃபார்மிலும் அதை எழுதுங்கள், "நவம்பரில் தெரிவித்தார், நான் அப்போது ஏற்கவில்லை" என்று. எனக்கு அதை எழுத அரை நாள் ஆனது, ஆனாலும் எழுதினேன். அவருக்கு 5.

ரிஸ்க் ரிஜிஸ்டரில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணி மார்க் போடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்த அடுத்த மாதமே நாற்பது வரி வந்துவிடும், "முக்கிய ஆள் வேலையை விடலாம்", "தேவைகள் மாறலாம்" என்று எந்த பிராஜெக்டுக்கும் ஒட்டுகிற வரிகள். ஒரு தடவை ஒருவருடைய ரிஜிஸ்டரைத் திறந்தால் ஏழாவது வரியில் வேறொரு கிளையண்டின் பெயர் இருந்தது, போன பிராஜெக்டிலிருந்து அப்படியே காப்பி. ஃபைலின் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள், வருடம் முழுக்க எந்த வரி நகர்ந்திருக்கிறது, எது மூடப்பட்டிருக்கிறது என்று தெரியும். ஸ்டீரிங் மீட்டிங்குக்கு முந்தின ராத்திரி மட்டும் எல்லா வரியும் தேதி மாறியிருந்தால் அது படம் காட்டுவதற்கான ரிஜிஸ்டர். அதே மாதிரி, சொன்ன ரிஸ்க் நடக்கவில்லை என்பதற்காக "பயமுறுத்துகிறார்" என்று குறைக்கவும் கூடாது. பத்தில் மூன்று வாய்ப்பு என்று சொன்னது நடக்காமல் போவதுதான் அதிகம் நடக்கும். பத்து ரிஸ்க் அப்படிச் சொல்லி பத்துமே நடக்கவில்லை என்றால்தான் அவருடைய அளவுகோலைப் பற்றிப் பேச வேண்டும்.

ஸ்டேக்ஹோல்டர் வரிதான் இதில் ரொம்ப ஏமாற்றும். கிளையண்ட் பாராட்டி மெயில் போட்டார் என்கிறீர்கள். கிளையண்டில் யார் போட்டார்? பல சமயம் கேட்டதையெல்லாம் "சரி சார்" என்று வாங்கிக்கொண்டு வந்தவருக்குத்தான் அந்த மெயில் வரும், அந்தச் சரிக்கான விலையை சனி, ஞாயிறு வந்து உங்கள் டீம் கட்டியிருக்கும். இன்னொரு பக்கம், என் கதையில் வந்த கணக்குப் பிரிவுத் தலைவர். முப்பது வருடமாக அந்த ஐட்டம் பட்டியலைத் தன் கையால் வளர்த்தவர், அதில் தப்பு இருக்கிறது என்று ஒரு வெளியூர்ப் பெண் வந்து சொன்னால் எப்படி இருக்கும்? முதல் இரண்டு மெயிலுக்கு அவர் பதிலே போடவில்லை. மூன்றாவது மெயில் போடுவதற்குப் பதில் இவர் கோவைக்கு ரயில் ஏறிப் போய், திரும்பி வந்த 61 பில்லையும் அச்செடுத்து, ஹெச்எஸ்என் தப்பானதை ஒரு கட்டாக, பின்கோடு தப்பானதை இன்னொரு கட்டாகப் பின் அடித்து அவர் மேஜையில் வைத்து, "சார், இதில் எது உங்கள் பக்கம் சரி, எது அரசாங்கத் தளத்தின் பக்கம் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு நாள். பெரியவர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடிக்க ஆரம்பித்தது இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறமாம். அதற்கப்புறம் மூன்று வாரமும் தினம் ஒரு போன். அவர் எழுதிய "நச்சரிப்பு" அதுதான். அந்தச் சொல்லை நான் குறையாக எழுதிவைத்திருந்தேன்.

ஆகவே இந்த வரிக்கு யார் சந்தோஷமாக இருக்கிறார் என்று தேடுவதை விட, யார் எப்போது எதைத் தெரிந்துகொண்டார், முடிவு எடுக்க வேண்டியவர் சரியான நேரத்தில் முடிவு எடுக்க முடிந்ததா என்று தேடுங்கள். கிளையண்டிடம் நீங்களே போன் செய்து பேசுங்கள், ஃபீட்பேக் ஃபார்ம் அனுப்பாதீர்கள். "திருப்தியா" என்று கேட்டால் "நல்லாத்தான் பண்ணினாங்க" என்பார்கள். "இந்த பிராஜெக்டில் உங்களுக்கு எதிர்பாராமல் வந்த விஷயம் என்ன, அதை யார் சொல்லித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேளுங்கள், பிறகு பேசாமல் இருங்கள். எங்கள் சேல்ஸ் ஆளிடம் நான் இதைக் கேட்டபோதுதான் அந்த அம்மாவின் உண்மையான சறுக்கல் வெளியே வந்தது. போர்ட்டல் தள்ளிப்போவது பிப்ரவரி 28ஆம் தேதி எம்.டி.யோடு முடிவானது, கிளையண்டின் விற்பனை மேனேஜருக்கோ மார்ச் 15 வரைக்கும் யாரும் சொல்லவில்லை. அவர் அதற்குள் டீலர் கூட்டத்தில் "ஏப்ரல் முதல் நீங்களே ஆர்டர் போடலாம்" என்று மைக்கில் அறிவித்துவிட்டார். எம்.டி.யிடம் சொன்னால் அவர் தன் ஆட்களிடம் சொல்லிவிடுவார் என்று இவர் நினைத்திருக்கிறார், எம்.டி.க்களைத் தெரிந்த யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். இது சின்னத் தப்பு இல்லை. எவ்வளவு நல்ல முடிவாக இருந்தாலும் அதனால் அடிபடுகிறவருக்கு இரண்டு வாரம் தெரியாமல் இருந்தது. 3 போட்டேன், காரணத்தையும் தேதியோடு எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு மறுக்கவில்லை.

இப்போது உங்கள் இரண்டாமவர். இவரைச் சந்தேகப்பட்டே ஆரம்பிக்க வேண்டாம், மூன்று பேர் விலகியதற்கு சம்பளம், திருமணம், பெங்களூர் என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் தேதிக்கு முடிந்த பிராஜெக்டில் இரண்டு இடங்களைத் தோண்டிப் பார்க்காமல் 5 போடக் கூடாது. ஒன்று, முடிந்ததாகச் சொன்ன அன்று உண்மையில் என்ன கொடுக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் இருந்த வேலைப் பட்டியலையும் கையெழுத்து வாங்கிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழைய டேட்டாவை மாற்றுவது, ரிப்போர்ட்டுகள், இதெல்லாம் சத்தமில்லாமல் "ஃபேஸ் 2"க்குப் போயிருக்கிறதா? போயிருந்தால் அதற்குக் கிளையண்டின் ஒப்புதல் எழுத்தில் இருக்கிறதா? பிறகு, கொடுத்த நாளிலிருந்து முதல் ஆறு வாரத்தில் சப்போர்ட்டுக்கு வந்த டிக்கெட்டுகள். தேதிக்காக டெஸ்டிங்கைக் குறைத்திருந்தால் அது அங்கே வந்து நிற்கும், சப்போர்ட் டீம் லீடிடம் ஒரு டீ குடித்தால் போதும், சொல்லிவிடுவார்.

இன்னொரு இடம், கடைசி இரண்டு மாத டைம்ஷீட், சனி ஞாயிறு போட்ட பில்டுகள், ரத்தான லீவுகள். வார இறுதியில் வேலை வாங்கியதே குற்றம் என்று சொல்ல வரவில்லை, நானும் வாங்கியிருக்கிறேன். "மூன்று சனிக்கிழமை வர வேண்டியிருக்கும், இதற்குப் பதில் இந்த இரண்டு ஸ்கிரீனைத் தள்ளலாமா" என்று அவர் உங்களிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தால், அது நீங்களும் சேர்ந்து எடுத்த முடிவு, அவருக்கு முழு மார்க். ஸ்டேட்டஸ் பச்சையாகவே இருந்து, உங்களுக்கு விஷயமே மூன்று ராஜினாமாக் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது என்றால், டெட்லைன் வரியில் நல்ல மார்க் போட்டுவிட்டு ரிஸ்க் வரியில் 2 போடுங்கள். அவர் வாதாடுவார், "ரிஸ்க் எதுவும் நடக்கவில்லையே, தேதிக்கு முடித்தேனே" என்பார். நடந்தது, டீமுக்கு நடந்தது, அவர் ரிப்போர்ட்டில் அது இல்லை. அந்த ஒரு வரிக்கு அந்தப் பச்சை ரிப்போர்ட்டுகளையும் டைம்ஷீட்டையும் ஒரே தேதிக்கு அருகருகே வைத்துக் காட்டினால் போதும், நீங்கள் குரல் உயர்த்த வேண்டியதில்லை.

ஃபார்மில் எழுதும் வாக்கியங்களைப் பற்றி. "ஸ்டேக்ஹோல்டர்களுடன் இன்னும் திறம்படப் பேச வேண்டும்" என்று எழுதினால் அவருக்கு அடுத்த நாள் காலையில் எதை மாற்றுவது என்று தெரியாது. "போர்ட்டல் தேதி மாறியதை 28.02.2022 அன்று எம்.டி.யுடன் முடிவு செய்தார், பாதிக்கப்படும் விற்பனைப் பிரிவுக்கு 15.03.2022 வரை தெரிவிக்கவில்லை, அடுத்த முறை முடிவான அன்றே பாதிக்கப்படும் எல்லாப் பிரிவுக்கும் போக வேண்டும்" என்று எழுதினால் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் இப்படி இரண்டு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். ஹெச்ஆர் பெல் கர்வ் என்று வந்து யாராவது ஒருவரைக் கீழே இறக்கச் சொன்னாலும் உங்கள் கையில் பேசுவதற்கு இருப்பது இந்தத் தேதிகள்தான்.

பத்து நாளில் முதல் இரண்டு நாள் இரண்டு பேருடைய தேதிக் கோட்டுக்கும் மெயில்களுக்கும். அப்ரைசல் நேரத்தில் ஜனவரிக்கு அப்புறம் நடந்தது மட்டும்தான் நினைவில் நிற்கும், அதனால் பிராஜெக்டின் முதல் ரிப்போர்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த மூன்று நாள் கிளையண்ட், சப்போர்ட், டீமில் மிச்சம் இருப்பவர்கள். அதற்கப்புறம் மார்க் எதுவும் போடாமல் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தத் தேதி தாங்காது என்ற சந்தேகம் உங்களுக்கு முதன்முதலாக எந்த வாரம் வந்தது, அன்றைக்கு யாரிடம் சொன்னீர்கள்?" பதிலை உங்கள் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டாமவரை முதலில் கூப்பிடுங்கள், அவருக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். முழுசாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம்.